இரண்டே கிழங்குக்கு எவ்வளவு வெங்காயம்?

கேள்வி: பூரி மசால் குறிப்பில் ஆறு பேருக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கு என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது இரண்டே கிழங்கு. மற்ற சாமான்களை எந்தக் கணக்கில் குறைப்பது? குத்துமதிப்பாகப் போட்டால் ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, ஒரு நாள் ரசம் மாதிரி ஓடுகிறது.

பதில்: முதலில் அந்த இரண்டு கிழங்கையும் தோலோடு எடை போடுங்கள். ஒரு ஜோடி கிழங்கு 150 கிராமும் இருக்கலாம், அரைக் கிலோவும் இருக்கலாம் என்பதால், எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் அடுத்த அளவுகள் எல்லாம் தவறிவிடும். தராசு இல்லையென்றால், மில்லி லிட்டர் கோடு போட்ட குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, கிழங்குகளை அதில் முழுக்க அமிழ்த்திப் பாருங்கள். தண்ணீர் 220 மி.லி. உயர்ந்தால் கிழங்கு ஏறத்தாழ 240 கிராம். கிழங்கு தண்ணீரைவிடச் சற்றே கனமானது என்பதால்தான் இந்த வித்தியாசம்.

உங்களிடம் இருப்பது 240 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அதை 750-ஆல் வகுத்தால் 0.32 வரும், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குறிப்பில் வெங்காயம் 300 கிராம் என்றால் உங்களுக்கு 100 கிராம், பச்சை மிளகாய் ஆறு என்றால் இரண்டு, கடலை மாவு மூன்று தேக்கரண்டி என்றால் ஒன்று. உப்பு இரண்டு தேக்கரண்டி என்றிருந்தால் கணக்குப்படி முக்கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். நீங்கள் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, இறக்கும் முன் சுவைத்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள் ஆகியவற்றுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, கண்ணளவு போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பிறர் எழுதிய குறிப்பை நகலெடுத்து, 'ஆறு பேருக்கு' என்பதை மட்டும் 'இரண்டு பேருக்கு' என்று திருத்தி, சாமான் அளவுகளை அப்படியே விட்டுவிட்டு வெளியிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இரண்டு பேருக்கு முக்கால் கிலோ கிழங்கு என்று கண்டால் அந்தக் குறிப்பை மூடி வைத்துவிடுங்கள். அளவுக் கரண்டி செட் விற்கிறவர்களும் சளைத்தவர்கள் அல்லர். தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. இருக்க வேண்டும் என்பதால், மூன்று தேக்கரண்டித் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டியைச் சரியாக நிரப்புகிறதா என்று வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். கிராமில் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், 'நடுத்தர அளவு கிழங்கு நான்கு', 'ஒரு கைப்பிடி' என்றே குறிப்பு எழுதுகிறவர்கள் அச்சடித்துக்கொண்டிருந்தால் வாசகர் எதை எதால் வகுப்பது?

மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு அடங்காதது தண்ணீர். உங்கள் மசால் ஓடுவதும் இறுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். தண்ணீர் ஆவியாவது சட்டியின் வாய் அகலத்தையும், தீயையும், கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. குறிப்பில் உள்ள மூன்று கப் தண்ணீர் அகன்ற வாணலியில் கொதித்து ஒரு கப் ஆவியானால், மிச்சம் இரண்டு கப் இருக்கும். நீங்கள் ஒரே ஒரு கப் ஊற்றி, அதே வாணலியில், அதே தீயில், அதே நேரம் வைத்தால் அந்த ஒரு கப்பும் போய்விடும். சரி, நேரத்தையும் மூன்றில் ஒன்றாக்கலாமே என்றால், கடலை மாவின் பச்சை வாசனை போவதற்கு அளவு எதுவானாலும் ஏறத்தாழ ஐந்து நிமிடக் கொதி வேண்டும். ஆகவே சின்ன வாணலியை எடுங்கள், ஒன்றேகால் கப் தண்ணீர் ஊற்றுங்கள், தீயைக் குறைத்து வையுங்கள். கரண்டியால் எடுத்து ஊற்றும்போது இட்லி மாவைவிடச் சற்று நெகிழ்வாக விழுந்தால் இறக்கிவிடலாம்; ஆறும்போது இன்னும் இறுகும். எண்ணெய்க்கும் சின்ன வாணலியே கைகொடுக்கும். கடுகு மூழ்கிப் பொரியும் அளவுக்கு அடியில் எண்ணெய் நின்றால் போதும்.

குக்கரிலும் இதே கதைதான். இரண்டு கிழங்குதானே என்று அடியில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அது வற்றி, குக்கர் காய்ந்து, பாதுகாப்பு வால்வு போய்விடும். குக்கரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். விசிலையும் வகுக்காதீர்கள். கிழங்கு வேகும் நேரம் அதன் பருமனைப் பொறுத்தது. அவசரமானால் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் போடுங்கள்.