பவுடர் இருக்கட்டும், புருவம் எப்போது போனது?

*எனக்கு 49 வயது. இரண்டு வருடமாக நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது. மகள் வாங்கித் தந்த ஹேர்லைன் பவுடரை தினமும் பூசி மறைக்கிறேன். “அது வேரை அடைத்து, இருக்கிற முடியையும் கொட்ட வைத்துவிடும்” என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சீப்பிலும் நிறைய முடி வருகிறது. போர் தண்ணீர், பொடுகு, நரை எல்லாம் உண்டு. யூடியூப் பார்த்து பயோட்டின் மாத்திரையும் வெங்காயச் சாறும் எடுத்துக்கொள்கிறேன். புருவமும் மெலிந்துவிட்டதால் பென்சிலால் வரைந்துகொள்கிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பவுடரை நிறுத்திவிட வேண்டுமா டாக்டர்? முழுச் சொட்டை ஆகிவிடுமா?*
*– வாசகி, திருச்சி*

பவுடரை நிறுத்த வேண்டாம். அது தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் நிறப்பொடி. முடியின் வேரோ தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரவில் முகம் கழுவும்போது அதையும் கழுவிவிட்டால் போதும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சீப்பில் வரும் முடியையும் எண்ண வேண்டாம். நாளுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும். போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நெற்றியை ஏற்றாது. வெங்காயச் சாற்றை இன்றே நிறுத்துங்கள், தோல் எரிவதுதான் மிச்சம். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பலன் இல்லை. அதைவிட, தைராய்டு ரத்தப் பரிசோதனையையே அது தப்பாகக் காட்ட வைக்கும். முடி கொட்டுகிறது என்று தைராய்டு பார்க்கப் போகிறவர்கள் பலர் இதை விழுங்கிக்கொண்டேதான் போகிறார்கள். லேபில் ரத்தம் கொடுக்கச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, விழுங்கி வந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது புருவம்தான். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நெற்றியும் ஏறி, புருவமும் மெலிகிறது என்றால் அது வயதாவதால் வரும் சாதாரண முடி உதிர்வாக இல்லாமல் போகலாம். பெண்களுக்கு வயதோடு வரும் உதிர்வில் வகிடுதான் அகலும், நெற்றியோர முடி பெரும்பாலும் அப்படியே நிற்கும். இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டு இழுத்ததால் ஓரம் போயிருந்தால், பழைய எல்லையில் பூனைமுடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும். புருவத்துக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டும் சேர்ந்து போனால் நான் முதலில் சந்தேகிப்பது ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. 1994-ல் ஆஸ்திரேலியாவில் கோசார்ட் என்ற தோல் மருத்துவர், மாதவிடாய் நின்ற ஆறு பெண்களிடம் கண்டு எழுதியது. மாதவிடாய் நிற்கும் முன்பும் வரலாம், ஆண்களுக்கும் எப்போதாவது வரும். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்கி, அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடுகின்றன. தழும்பான மயிர்க்காலில் எந்த எண்ணெயாலும் முடி திரும்ப முளைக்காது. அதனால்தான் இதில் மட்டும் அவசரம். தலை முழுக்கச் சொட்டையாகும் நோய் இல்லை இது, முன்னோரத்திலிருந்து ஒரு பட்டையாகப் பின்வாங்கும். எங்கே நிற்கிறது என்பது, எப்போது சிகிச்சை தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

பார்ப்பது எளிது. பவுடர், பென்சில் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று நெற்றியோரத்தை மகளின் போனில் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். வெயில் பட்டுக் கறுத்த நெற்றிக்கும் இப்போதைய முடிக்கும் நடுவே, கொஞ்சம் வெளுத்து வழவழவென்று, முடித்துளையே தெரியாத ஒரு பட்டை இருக்கிறதா? அதன் நடுவே துணையில்லாமல் ஒன்றிரண்டு முடி தனியாக நிற்கிறதா? ஓரத்து முடிகளின் அடியில் சிவப்போ செதிலோ இருக்கிறதா? நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, ஊதாக் கறுப்பாகத் தெரியும். காதோரம், கன்னப்பொட்டில் சாம்பல் கறுப்பாகப் படர்ந்திருந்தால் அதையும் மங்கு என்று நினைத்து க்ரீம் தடவாதீர்கள். இதே நோயின் கூட்டாளியாக அது வரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆசிரியை வந்தார். புருவம் போனதை த்ரெடிங் மேல் பழிபோட்டு, நெற்றியோரத்தைக் கண்மையால் தீட்டியபடி மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் தீட்டும் இடம் கொஞ்சம் அகன்றதை அவர் கவனிக்கவே இல்லை. கழுவிவிட்டுப் பார்த்தால் இரண்டு விரல் அகலம் வழவழவென்று இருந்தது. மருந்தால் அங்கேயே நிறுத்த முடிந்தது, போனதைத் திருப்ப முடியவில்லை.

அதனால் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காமல், இந்த மாதமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். அன்று புருவம்கூட வரையாமல் போங்கள். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அளவு தோல் எடுத்துப் பரிசோதிப்பார். மாத்திரையா, ஓரத்தில் ஸ்டீராய்டு ஊசியா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். முடி நடுவதும், ஊசியால் நிறம் குத்துவதும் இப்போது வேண்டாம். நோய் அடங்காத இடத்தில் நட்ட முடியும் நிற்காது, குத்திய காயம் நோயைக் கிளறவும் செய்யலாம்.

இனி கல்யாணத்துக்கு வருவோம். பலர் செய்யும் தப்பு, நெற்றியில் ஒரு கோடு போட்டு உள்ளே நிரப்புவது. இயற்கையான முடிக்குக் கோடு கிடையாது. சாய்வாக வெட்டிய மெல்லிய பிரஷில் பொடியைத் தொட்டு, முதலில் புறங்கையில் தட்டிவிடுங்கள். இருக்கிற முடி அடர்த்தியாகத் தொடங்கும் இடத்திலிருந்து ஆரம்பித்து வெளியே வாருங்கள். உள்ளே அழுத்தமாக, ஓரத்துக்கு வர வர பிரஷில் மிச்சம் இருப்பதே போதும். நடு நெற்றியில் முடி முன்னோக்கி வளரும், பக்கவாட்டில் மெல்லத் திரும்பி, காதோரம் கீழ்நோக்கிப் படியும். உங்கள் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதே சாய்வில் அரை சென்டிமீட்டர் கீற்றுகளாக இழுங்கள். கீற்றுகளுக்கு நடுவே தோல் தெரியட்டும். கன்னங்கரேல் நிறம் வேண்டாம், கரும்பழுப்பு எடுங்கள். பழைய நெற்றி வரைக்கும் இறங்க ஆசைப்பட வேண்டாம், அரை விரல் அகலம் போதும். தூவுகிற ஃபைபர் பொடி உங்களுக்கு உதவாது, பிடித்துக்கொள்ள அங்கே முடி வேண்டும்.

மேடையில் வியர்த்து வழிந்துவிடும் என்று பயந்து, பவுடருக்குப் பதில் தலைக்கு அடிக்கும் டையைத் தோலில் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஓரிரு நாளில் நெற்றி கசிந்து, இமை வீங்கி, கண்ணே திறக்க வராது. நரைக்கு டை அடிப்பதாக இருந்தாலும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புது டப்பாவைப் பிரிக்காதீர்கள்.