மீன்முள் வரைபடம்: எழுத்து தலைகீழாகாமல் வரைவது எப்படி?

கேள்வி: ஒரு பிரச்சினையின் காரணங்களைக் காட்டும் மீன்முள் வரைபடத்தை, பவர்பாயின்ட்டில் கோடும் டெக்ஸ்ட் பாக்ஸும் வைத்துப் போடுகிறேன். மேல் முள்ளை நகலெடுத்துக் கீழே திருப்பினால் எழுத்து தலைகீழாகிவிடுகிறது. ஆறு முள்ளும் ஒரே சாய்வில் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோடுகளை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள், எழுத்தைக் கடைசியில் வையுங்கள். Flip Vertical கொடுத்தால் பெட்டியோடு சேர்ந்து எழுத்தும் கவிழும். வெறும் கோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து 11 செ.மீ. கீழே, இடமிருந்து வலமாக 24 செ.மீ. நீளத்தில் முதுகெலும்பை வரையுங்கள். Shift விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு சாயாது. வலது முனையில் 6 செ.மீ. அகலப் பெட்டி, அதுதான் பிரச்சினையை எழுதும் தலை.

இப்போது ஒரே ஒரு முள். கையால் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மேலே இடப்பக்கமும் கீழே வலப்பக்கமுமாக ஒரு கோடு இழுத்து, Size பகுதியில் உயரம் 5, அகலம் 3 என்று எண்ணாகவே கொடுங்கள். அந்த முள்ளிலிருந்து இடப்பக்கமாக 4.5 செ.மீ. நீளத்தில் மூன்று கிடைக்கோடுகளை, 1.4 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். துணைக் காரணங்கள் அவற்றின் மேல்தான் உட்காரும். நான்கையும் சேர்த்து Ctrl+G.

அந்தக் குழுவுக்கு Ctrl+D கொடுத்து, நகலைச் சரியாக 7.5 செ.மீ. வலப்பக்கம் வையுங்கள். தேர்வை விடாமல் மறுபடி Ctrl+D அழுத்தினால் மூன்றாவதும் அதே தூரத்தில் வந்து நிற்கும். முட்கள் இணையாக இருப்பதால் எந்த உயரத்திலும் இரண்டுக்கும் நடுவே 7.5 செ.மீ. இருக்கும். 4.5 செ.மீ. கிளை பக்கத்து முள்ளை இடிக்காது. அப்புறம் மூன்றையும் நகலெடுத்து, Flip Vertical செய்து, முதுகெலும்புக்குக் கீழே பொருத்துங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பவர்பாயின்ட்டில் கோட்டின் முனை இன்னொரு கோட்டின் நடுவில் ஒட்டாது. ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் முதுகெலும்பை நகர்த்தினால் முட்கள் அங்கேயே நின்றுவிடும். அதனால் கோடுகள் அனைத்தையும் கடைசியில் ஒரே குழுவாக்குவதுதான் நம்பகமான வழி.

இனி எழுத்து. தலையில் 'தாமதம்' என்று மட்டும் போட்டால் காரணங்கள் திசைக்கொன்றாக ஓடும். 'ஆர்டர்கள் 3 நாள் தாமதமாகப் போகின்றன' என்று அளவோடு எழுதுங்கள். 'ஆட்கள்' என்று தலைப்பிட்ட முள்ளில் 'கவனக்குறைவு' என்பது காரணம் அல்ல, குற்றச்சாட்டு. 'இரவு ஷிப்டில் பேக்கிங்குக்கு ஒருவர்தான்' என்பது சரிபார்க்கக்கூடிய காரணம். அதையே 'பேக்கிங்: இரவில் ஒருவர்' என்று சுருக்கினால் 12 புள்ளி எழுத்தில் ஒரே வரியில் நிற்கும். டெக்ஸ்ட் பாக்ஸில் Do not Autofit தேர்ந்தெடுங்கள், எழுத்து தானாகச் சிறுத்துப்போகாது.

எழுத்து வைத்தபிறகு மொத்தக் குழுவையும் இழுத்துச் சிறிதாக்காதீர்கள். கோடுகள் சுருங்கும், எழுத்தளவு அப்படியே இருந்து வரிகள் உடைந்து முள்மேல் ஏறும்.