ஸ்விட்ச் வாங்கறவங்க கேள்வி-பதில்: -E போதுமா, -A வேணுமா, அப்புறம் அந்த சீப் மாட்யூல்

கேள்வி: ரெண்டு கோர் ஸ்விட்ச் வாங்கறோம், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு கேட்வேயா நிக்கணும். டீலர் ரெண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கார், C9300-24T-E ஒண்ணு, C9300-24T-A ஒண்ணு. எச்எஸ்ஆர்பி வேணும்னா A தான், லைசென்ஸ் 3 வருஷத்துல முடிஞ்சா ஸ்விட்ச்சும் நின்னுடும், அதனால 7 வருஷத்துக்கு எடுங்கன்னு சொல்றார். – கோவை வாசகர்

ஒரு பாதி உண்மை, ஒரு முழுப் பொய், ரெண்டையும் கலந்து வித்திருக்கார். எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப நாள் கோவம் இருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

இந்த சிஸ்கோ கேடலிஸ்ட் 9000 வரிசையில லைசென்ஸ் ஒண்ணு இல்ல, ரெண்டு அடுக்கு. கீழ இருக்கறது நெட்வொர்க் எசென்ஷியல்ஸ் இல்லன்னா நெட்வொர்க் அட்வான்டேஜ், மாடல் நம்பர் கடைசில வர்ற E, A அதுதான். இதுக்கு காலாவதியே கிடையாது, ஸ்விட்ச் உயிரோட இருக்கற வரைக்கும் இருக்கும். அதுக்கு மேல டிஎன்ஏ சப்ஸ்க்ரிப்ஷன்னு ஒண்ணு, 3, 5, 7 வருஷக் கணக்குல, புதுசா ஆர்டர் போடும்போது கூடவே ஒட்டிக்கிட்டு வரும். இது முடிஞ்சா கன்ட்ரோலர் வச்சு மேனேஜ் பண்றது, ஆட்டோமேஷன், அனலிட்டிக்ஸ் அந்த மாதிரி மேல்மாடி சமாச்சாரம்தான் போகும். விலேன், ரூட்டிங், கேட்வே எல்லாம் அப்படியே ஓடும். ஸ்விட்ச் நிக்காது. உங்ககிட்ட கன்ட்ரோலரே இல்லன்னா 7 வருஷம் எதுக்கு? 3 வருஷமே நீங்க தொடாம முடியப்போவுது.

எச்எஸ்ஆர்பி A-லதான் இருக்குங்கறது டேட்டாஷீட்படி சரி. ஆனா அதே டேட்டாஷீட்ல E வரிசையில அதே வேலையச் செய்யற விஆர்ஆர்பி இருக்கே, அத ஏன் அவர் சொல்லல? உங்களுக்கு வேண்டியது ஒரு பொது கேட்வே ஐபி, அத ரெண்டு ஸ்விட்ச்சும் பங்கு போட்டுக்கணும், அவ்வளவுதான். அத விஆர்ஆர்பி செய்யும், ரெண்டு கோர்லயும் Vlan10-க்கு வேற வேற சொந்த ஐபி வச்சுட்டு, கீழ இருக்கற வரிகள அப்படியே போட்டா போதும்.

```
fhrp version vrrp v3
interface Vlan10
 vrrp 10 address-family ipv4
  address 192.168.10.1 primary
```

அப்போ A யாருக்கு? ஸ்விட்ச்லயே பிஜிபி ஓட்டறவங்களுக்கு, முழு ஈஐஜிஆர்பி வேணுங்கறவங்களுக்கு, ஒரே ஸ்விட்ச்ல விஆர்எஃப் போட்டு நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கறவங்களுக்கு. ஓஎஸ்பிஎஃப் E-லயும் உண்டு, ஆனா 1000 ரூட்டுன்னு ஒரு எல்லை இருக்கு, சாதா ஆபீஸ் அதுல பத்துல ஒரு பங்கத் தொட்டாலே பெருசு. ரெண்டு ஐஎஸ்பி லைன் இருக்கு, பிஜிபி வேணும்னு யாராவது சொன்னா, அது எங்க முடியுதுன்னு கேளுங்க. பெரும்பாலும் ஃபயர்வால்லயோ ரூட்டர்லயோ முடியும், கோர் ஸ்விட்ச்சுக்கு அதுல வேலை இல்ல.

நீங்க செய்ய வேண்டியது, ஒரு பேப்பர்ல இன்னிக்கு ஓட்டற ஃபீச்சர், அடுத்த ரெண்டு வருஷத்துல நிச்சயமா ஓட்டப்போற ஃபீச்சர் எழுதி, டீலர்கிட்ட கொடுத்து, ஒவ்வொண்ணும் எந்த அடுக்குல வருதுன்னு எழுத்துல வாங்குங்க. கொட்டேஷன்ல ஹார்டுவேர் ஒரு வரி, டிஎன்ஏ ஒரு வரி, சப்போர்ட் ஒரு வரின்னு பிரிஞ்சு இருக்கணும். எல்லாத்தையும் ஒரே வரில அமுக்கி மொத்த விலை போட்டிருந்தா திருப்பி அனுப்புங்க. E வாங்கி பின்னாடி தேவைப்பட்டா காசு கட்டி A ஆக்கிக்கலாம். A வாங்கிட்டு E ஆக்கி காசத் திருப்பிக் கேட்க முடியாது.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்ல ரீஃபர்பிஷ்டு C9300-24T பாத்தோம். நெட்வொர்க் அட்வான்டேஜ் லைசென்ஸ் இன்க்ளூடட், ஆன் பண்ணி காட்டறேன்னார், காட்டினார். நம்பலாமா? – தாம்பரம்

ஆன் பண்ணி காட்டறது எதையும் நிரூபிக்காது. இந்த வரிசையில

```
license boot level network-advantage
```

அப்படின்னு அடிச்சு, சேவ் பண்ணி, ரீலோட் பண்ணா, காசு கட்டினானா இல்லையான்னு பாக்காமலே ஸ்விட்ச் அட்வான்டேஜ்ல எழுந்திரிக்கும். பெரும்பாலான ஃபீச்சருக்கு அது தடுக்கறதில்ல, கணக்குதான் வைக்குது. `show version` கீழ Technology Package பகுதியில network-advantage-னு தெரியறது எந்த அடுக்குல ஓடுதுங்கறதுக்கு சாட்சி, யாருக்கு உரிமைங்கறதுக்கு சாட்சி இல்ல. உரிமை இருக்கறது சிஸ்கோ ஸ்மார்ட் அக்கவுன்ட்ல, வாங்கின கம்பெனி பேர்ல. பெட்டி கை மாறினா சாஃப்ட்வேர் உரிமை தானா கூட வராது, சிஸ்கோ பாலிசியே அப்படித்தான். அதனால செகண்ட்ஸ்ல "லைசென்ஸ் இன்க்ளூடட்"னு யார் சொன்னாலும் கேள்வி ஒண்ணே ஒண்ணு: என் ஸ்மார்ட் அக்கவுன்ட்ல வந்து உக்காருமா? உக்காந்தப்புறம் மீதி காசு தரேன்னு சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு தெரியும். சிஸ்கோவே ரீஃபர்பிஷ் பண்ணி விக்கறது தனி, சிஸ்கோ ரெஃப்ரெஷ்னு பேரு, அதுல லைசென்ஸ் ஒழுங்கா வரும், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்.

வீட்ல லேப் போட்டு படிக்கறதுக்குன்னா பெட்டிய பெட்டி விலைக்கு வாங்குங்க, லைசென்ஸ்னு சொல்லி ஒரு ரூபா கூடுதலா கொடுக்காதீங்க. ஆபீஸுக்குன்னா, ஆடிட் வந்தா பதில் சொல்லப்போறது கடைக்காரர் இல்ல.

கேள்வி: C9200L-24T-4G வாங்கி, நாலு 10ஜி எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூலும் வாங்கிட்டோம். லிங்க் வரல. லைசென்ஸ் அப்கிரேட் பண்ணா வருமா?

வராது. 4G-ன்னா நாலு 1ஜி போர்ட். 10ஜி வேணும்னா 4X-னு முடியற மாடல் வாங்கியிருக்கணும். ரெண்டு எழுத்து, பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கான், வாங்கறதுக்கு முன்னாடி படிக்க என்ன கேடு? ரக்கஸ் ஐசிஎக்ஸ் 7150 மாதிரி சிலதுல 1ஜி போர்ட்ட லைசென்ஸ் போட்டு 10ஜி ஆக்கலாம், அதக் கேட்டு குழம்பியிருப்பீங்க. இதுல அது கிடையாது. மாட்யூல சீல் பிரிக்கலன்னா திருப்பிக் கொடுத்துட்டு 1ஜி மாட்யூல் வாங்குங்க.

கேள்வி: ஒரிஜினல் மாட்யூல் விலை கேட்டா தலை சுத்துது, தேர்ட் பார்ட்டி போட்டா போர்ட் err-disabled ஆயிடுது. மாட்யூல் டூப்ளிகேட்டா? – ஓசூர்

டூப்ளிகேட்னு சொல்ல முடியாது. மாட்யூல் உள்ள ஒரு சின்ன மெமரி சிப் இருக்கு, அதுல தயாரிப்பாளர் பேர், பார்ட் நம்பர், சீரியல் நம்பர் எழுதியிருக்கும். சொருகினவுடனே ஸ்விட்ச் அதப் படிக்கும், தனக்கு வேண்டிய முத்திரை இல்லன்னா கதவச் சாத்திடும். வெளிச்சம் நல்லா வருதா இல்லையான்னு அது பாக்கவே இல்ல. சிஸ்கோல இப்படித் திறக்கலாம்:

```
service unsupported-transceiver
no errdisable detect cause gbic-invalid
```

அப்புறம் போர்ட்ட shut, no shut பண்ணி, மாட்யூல கழட்டி மாட்டுங்க. முதல் கமாண்ட் கேள்விக்குறி போட்டா காட்டாது, முழுசா அடிக்கணும். அடிச்சவுடனே உங்க பொறுப்புன்னு ஒரு நீள எச்சரிக்கை வரும், அது வெத்து மிரட்டல் இல்ல. லிங்க் பிரச்சினைன்னு சப்போர்ட்ல கேஸ் போட்டா, முதல்ல ஒரிஜினல் மாட்யூல் போட்டு காட்டுங்கம்பாங்க. அதனால ஒவ்வொரு வகையிலயும் ஒரே ஒரு ஜோடி ஒரிஜினல் வாங்கி அலமாரியில வைங்க, மீதிய தேர்ட் பார்ட்டில ஓட்டுங்க. நான் அப்படித்தான் ஓட்டறேன்.

இன்னொண்ணு, வாங்கும்போதே எந்த பிராண்ட் ஸ்விட்ச், எந்த மாடல்னு சொல்லி அதுக்கு கோடிங் பண்ணித் தரச் சொல்லுங்க, நல்ல தேர்ட் பார்ட்டிக்காரங்க செஞ்சு தருவாங்க, அப்போ இந்த கமாண்டே பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்விட்ச் சாஃப்ட்வேர் அப்கிரேட் பண்ற ராத்திரி மட்டும், நேத்து வரைக்கும் ஓடின மாட்யூல் இன்னிக்கு அடம்பிடிக்கலாம்னு மனசுல வச்சுக்கங்க.

கேள்வி: நான் தனியா சின்ன கேபிள் இன்டர்நெட் நடத்தறேன், அதுதான் பொழப்பு. "புதுசு"ன்னு சொல்லி ரெண்டு 10ஜி எல்ஆர் மாட்யூல் வித்தாங்க. 4 கிலோமீட்டர் லிங்க், மதியம் ஆனா விழுது. கடைக்காரர் உங்க ஃபைபர்தான் சரியில்லங்கறார். – தஞ்சாவூர் பக்கம்

உங்க ஃபைபர் மேல தப்பு இல்ல, நீங்க அனுப்பின ரீடிங்கே சொல்லுது. `show interfaces transceiver detail` அடிச்சு ரெண்டு பக்கமும் எடுத்தீங்களே, அத பாருங்க. முதல் முனை அனுப்பறது -2.1 டிபிஎம், இரண்டாவது முனைக்கு வர்றது -5.0. வழில போறது 2.9 டிபி. இரண்டாவது முனை அனுப்பறது -11.9, முதல் முனைக்கு வர்றது -14.8. அங்கயும் அதே 2.9 தான். 4 கிலோமீட்டர் ஃபைபருக்கு ஒண்ணரை, கனெக்டருங்களுக்கு ஒண்ணரைன்னு வச்சா கணக்கு சரியாத்தான் வருது. ரெண்டு திசையிலயும் ஒரே இழப்புன்னா ஃபைபர் சுத்தம்.

இரண்டாவது முனை மாட்யூல்தான் படுத்திருக்கு. எல்ஆர் மாட்யூல் குறைஞ்சது -8.2 அனுப்பணும், வாங்கற பக்கம் -14.4 வரைக்கும் தாங்கும். உங்களுது அனுப்பற -11.9, அந்தப் பக்கம் வந்து சேர்ற -14.8, ரெண்டுமே எல்லைக்கு வெளிய. அனுப்பற அளவ மாட்யூல் தனக்குள்ளயே பாத்து சொல்லுது, கனெக்டர் அழுக்கா இருந்தாலும் அது குறையாது. வயசான லேசர் சூடு ஏறினா இன்னும் மங்கும், மதியம் விழறது அதனாலதான் இருக்கணும். இது எங்கயோ ஓடித் தேஞ்சு கழட்டினத தொடச்சு புது ஸ்டிக்கர் ஒட்டினது. ஸ்டிக்கர்ல இருக்கற சீரியலும் `show inventory` காட்டற சீரியலும் ஒண்ணான்னு பாருங்க. நான் ஒரு காலத்துல பையோட சல்லிசா வந்துச்சேன்னு ஒரு கட்டு மாட்யூல் வாங்கினேன், பாதிக்கு மேல ஒரே சீரியல், எல்லாம் ஒரு வயித்துல பொறந்த மாதிரி!

ரெண்டு மாட்யூலயும் இடம் மாத்திப் போட்டு திரும்ப ரீடிங் எடுங்க, பலவீனம் மாட்யூல் கூடவே அந்தப் பக்கம் போச்சுன்னா கடைக்காரர் வாயத் திறக்க முடியாது. ரெண்டு ரீடிங்கையும் தேதியோட, பில்லோட, "புதுசு"ன்னு அவர் அனுப்பின மெசேஜோட சேர்த்து எழுத்துல பணத்தத் திருப்பிக் கேளுங்க. தரலன்னா 1915-க்கு போன் போடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். 2019 நுகர்வோர் சட்டத்துல வியாபாரத்துக்கு வாங்கினா நுகர்வோர் இல்லன்னு ஒரு ஓட்டை இருக்கு, கடைக்காரர் அதத்தான் முதல்ல சொல்லுவார். ஆனா சுயதொழிலா, பொழப்புக்காக மட்டும் வாங்கி தானே பயன்படுத்தறவர் நுகர்வோர்தான்னு அதே சட்டம் சொல்லுது. நீங்க அந்த வகை, புகார்லயே அத எழுதிடுங்க. விடாதீங்க.

கேள்வி: ஆன்லைன்ல பழைய மெராகி ஸ்விட்ச் அடிமாட்டு விலைக்கு வருது. வாங்கலாமா?

மெராகி ஓடறதே சிஸ்கோவோட கிளவுட் டாஷ்போர்டு வழியாத்தான். பழைய ஓனர் தன் டாஷ்போர்டுல இருந்து அத எடுத்துவிட்டிருக்கணும், நீங்க தனியா லைசென்ஸும் வாங்கணும், அது முடிஞ்சு 30 நாள் சலுகையும் போச்சுன்னா, மேல சொன்ன 9300 மாதிரி இல்ல, இது நிஜமாவே நின்னுடும். அந்த விலைக்கு ஏன் வருதுன்னு இப்போ புரியுதா?