ஒரே லீவு இரண்டு மாதத்தில் விழுந்தால் எக்செல்லில் நாள் கணக்கு எப்படி?

கேள்வி: லீவு தொடங்குற தேதி, முடியுற தேதி ரெண்டும் ஷீட்ல இருக்கு. மே கடைசில ஆரம்பிச்சு ஜூன்ல முடியுற லீவை மாசவாரியா பிரிக்கணும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் எண்ணிக்கைல வரக்கூடாது. ஃபார்முலா என்ன?

முதலில் வெட்டுங்கள், பிறகு எண்ணுங்கள். லீவு தொடங்கும் தேதி, மாதத்தின் 1-ஆம் தேதி ஆகிய இரண்டில் பிந்தியதை எடுங்கள். லீவு முடியும் தேதி, மாதத்தின் கடைசித் தேதி ஆகிய இரண்டில் முந்தியதை எடுங்கள். அந்த மாதத்துக்குரிய துண்டு கையில் வந்துவிடும். அதற்குள் இருக்கும் வேலை நாட்களை NETWORKDAYS எண்ணிக் கொடுக்கும்.

தொடக்கம் A2, முடிவு B2, பொது விடுமுறைத் தேதிகள் K2 முதல் K20 வரை, D1, E1, F1 தலைப்புகளில் மாதங்கள் என்று வைத்துக்கொள்வோம். D2-இல் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடலாம்:

```
=MAX(0, NETWORKDAYS(MAX($A2,D$1), MIN($B2,EOMONTH(D$1,0)), $K$2:$K$20))
```

29-5-2025 வியாழன் முதல் 4-6-2025 புதன் வரை ஒருவர் லீவு. 2-6-2025 திங்கள் பொது விடுமுறை என்று கொள்ளுங்கள். நாள்காட்டிப்படி 7 நாள். மே துண்டு 29 முதல் 31 வரை. 31 சனிக்கிழமை என்பதால் 2 நாள். ஜூன் துண்டு 1 முதல் 4 வரை. ஞாயிறும் திங்களும் போக அங்கேயும் 2 நாள். மொத்தம் 4. பொது விடுமுறை சனி, ஞாயிறிலேயே விழுந்தாலும் இரண்டு முறை கழியாது, அந்தக் கவலை வேண்டாம்.

முன்னால் இருக்கும் MAX(0, …) அலங்காரத்துக்கு இல்லை. லீவுக்குச் சம்பந்தமே இல்லாத ஜூலையைப் பாருங்கள். துண்டின் தொடக்கம் ஜூலை 1, முடிவு ஜூன் 4 என்று தலைகீழாகிவிடும். NETWORKDAYS அதைப் பிழை என்று சொல்லாது. பின்னோக்கி எண்ணி -20 என்று கொடுக்கும். ஏப்ரலில் -22 வரும். வருடாந்தர மொத்தம் விநோதமாக மைனஸில் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் தலைப்பில். D1-இல் 'மே' என்று எழுத்தாக அடிக்காதீர்கள். 1-5-2025 என்று உண்மையான தேதியைப் போட்டு, மாதம் மட்டும் தெரியும்படி ஃபார்மேட் செய்யுங்கள். 'மே' என்று இருந்தால் EOMONTH #VALUE! பிழை தரும். தேதியே எழுத்தாகப் பதிந்திருந்தால் MAX அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும்; தொடக்கத்தில் வெட்டு விழாது. ஒரு காலி செல்லில் =ISNUMBER(D1) போட்டால் TRUE வர வேண்டும். மாதங்களின் கூட்டுத்தொகையை =NETWORKDAYS(A2,B2,$K$2:$K$20) தருவதோடு ஒப்பிட ஒரு நெடுவரிசையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த நெடுவரிசை இல்லாமல் லீவு ஷீட் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்றால் NETWORKDAYS.INTL எடுத்து மூன்றாவது இடத்தில் 11 போடுங்கள், விடுமுறைப் பட்டியல் நான்காவதுக்குப் போகும். மேலே சொன்ன லீவு அப்போது மேயில் 3, ஜூனில் 2 ஆகும். ஒரு சனி விட்டு ஒரு சனி லீவு விடும் இடங்களுக்கும் இதே 11 போதும். விடுமுறையாக வரும் சனிக்கிழமைகளைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சண்டை வருவது இங்கேதான். லீவுக்கு நடுவில் சிக்கும் சனி, ஞாயிறு, விடுமுறையையும் லீவாகவே எழுதும் விதி சில அலுவலகங்களில் உண்டு. அங்கே இந்த ஃபார்முலா உதவாது, நாள்காட்டி நாளைத்தான் எண்ண வேண்டும்:

```
=MAX(0, MIN($B2,EOMONTH(D$1,0)) - MAX($A2,D$1) + 1)
```

அதே லீவு இப்போது மேயில் 3, ஜூனில் 4. ஆனால் நடுவில் சிக்கியதா இல்லையா என்பதை முழு லீவையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். மேயை மட்டும் தனியாகப் பார்த்தால் 31 சனி ஓரத்தில் நிற்பதுபோலத் தெரியும். ஜூனைத் தனியாகப் பார்த்தால் 1 ஞாயிறும் 2 திங்களும் அப்படித்தான். மாதச் சம்பளம் போடுகிறவர் ஒவ்வொரு மாதமாகப் பார்த்து மூன்றையும் விட்டுவிடுவார். மாதக் கணக்கு முடிக்க வசதியாக 29-30 ஒரு விண்ணப்பம், 3-4 இன்னொரு விண்ணப்பம் என்று பிரித்துப் பதிந்தாலும் இதேதான் நடக்கும். ஷீட்டில் ஒரு லீவுக்கு ஒரே வரி இருக்கட்டும். B2-இல் லீவின் கடைசி வேலை நாளைப் போடுங்கள். வெள்ளியோடு முடியும் லீவுக்கு ஞாயிறுவரை தேதி அடித்தால் இந்த ஃபார்முலா அந்த இரண்டு நாளையும் லீவாகச் சேர்த்து எண்ணிவிடும்.