பாமினியில் இருக்கும் பழைய கோப்பை ஸ்லைடுக்குக் கொண்டு வருவது எப்படி?

“எங்கள் ஊர் அம்மன் கோயிலின் வரலாற்றை அப்பா 2002-ல் வேர்டில் தட்டச்சு செய்து வைத்தார். 40 பக்கம். திருவிழாவில் அதைப் பெரிய திரையில் காட்டக் கேட்கிறார்கள். பவர்பாயின்டில் ஒட்டினால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. கடைக்காரத் தம்பி பக்கக் கணக்கில் காசு கேட்கிறார். கொடுக்கலாமா? நானே செய்ய முடியுமா ஐயா?” – சாவகச்சேரி வாசகி

கொடுக்க வேண்டாம் அம்மா. நீங்களே ஒரு மாலையில் செய்துவிடலாம். மாற்றுவதற்குச் சில நொடிதான் ஆகும், மிச்ச நேரமெல்லாம் பிழை பார்க்கத்தான்.

முதலில் அப்பாவின் கோப்பைத் திறந்து, ஒரு வரியின் நடுவில் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெயர் என்னவென்று பாருங்கள். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் அடித்ததென்றால் அநேகமாக `Bamini` என்றே இருக்கும். தலைப்புகளையும் தனியாகச் சொடுக்கிப் பாருங்கள், அவை வேறு எழுத்துருவில் இருக்கலாம்.

பாமினிக் கோப்புக்குள் தமிழே இல்லை. இருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள். `j` இருக்கும் இடத்தில் ‘த’ படத்தையும், `k` இருக்கும் இடத்தில் ‘ம’ படத்தையும் பாமினி வரைந்து காட்டுகிறது, நாம் ‘தமிழ்’ என்று படிக்கிறோம். அதனால் எழுத்துருவை மட்டும் லதாவுக்கோ நிர்மலாவுக்கோ மாற்றினால் வேடம் கலைந்து `jkpo;` வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் எழுத்தையே, எந்த எழுத்துருவிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடாக மாற்ற வேண்டும்.

கடைகளில் இதற்கு மூன்று குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பாமினி எழுத்துருவை உங்கள் மடிக்கணினியில் நிறுவிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பது. வீட்டில் சரியாகத்தான் தெரியும். மண்டபத்துக் கணினியில் பாமினி இல்லை என்றால், சனம் முழுக்க இருக்கும்போது அதே கிறுக்கல் வரும். இரண்டாவது, பக்கத்தைப் படம் பிடித்து ஸ்லைடில் ஒட்டித் தருவது. ஒரு பெயர் பிழையென்றால்கூட நீங்கள் திருத்த முடியாது, திரும்பவும் கடைக்குத்தான் ஓட வேண்டும். மூன்றாவது, மாற்றி என்ற மென்பொருளில் போட்டு எடுத்ததைப் படித்தும் பார்க்காமல், 40 பக்கம் புதிதாக அடித்ததாகக் கணக்குக் காட்டுவது. ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருந்தால் ஸ்லைடில் ஒரு சொல்லின் நடுவில் சொடுக்குங்கள். எழுத்துகளுக்கு நடுவே கோடு துடிக்காவிட்டால் அது படம். காசைத் திருப்பிக் கேளுங்கள்.

தமிழ் யூனிகோடில் 1991-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 2000 தமிழ் எழுத்துருவோடுதான் வந்தது. அதற்குப் பிறகும் தட்டச்சு வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் பாமினியைச் சொல்லிக் கொடுத்தார்கள். போன வருடம்கூட ஓர் அலுவலகத்தில் நான் யூனிகோடில் கொடுத்த கட்டுரையைத் திருப்பித் தந்து ‘பாமினியில் கொண்டு வாங்கோ’ என்றார்கள். இத்தனை வருடமாக இப்படி நடத்திவிட்டு, உங்களைப் போன்றவர்களைக் கடை கடையாக அலைய விடுகிறார்கள். எனக்கு இதில் பொறுமையே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் `NHM Converter` இலவசம். வேறு பாமினி மாற்றி கையில் இருந்தால் அதுவும் போதும். வேர்டில் உள்ளதை நகலெடுத்து மாற்றியில் ஒட்டி, மூலம் பாமினி, வருவது யூனிகோடு என்று தேர்ந்தெடுங்கள். வந்ததை நேரே ஸ்லைடில் ஒட்டாமல் நோட்பேடில் ஒட்டி `UTF-8` ஆகச் சேமியுங்கள். `ANSI` என்று சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இனி நான் சொல்லும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பாமினியில் ‘ள’வுக்கும், ‘கௌ’வில் பின்னால் வரும் சிறகுக்கும் ஒரே விசை, `s`. இந்த மூன்றைப் பாருங்கள்:

```
njspT            தெளிவு
nfsup            கௌரி
nts;spf;fpoik    வெள்ளிக்கிழமை
```

மூன்றிலும் `n`, ஒரு மெய், அப்புறம் `s`. முதலாவதிலும் மூன்றாவதிலும் அது ‘ள’, நடுவில் உள்ளதில் சிறகு. படிக்கிற நமக்குத் தெரியும், மாற்றிக்குத் தெரியாது. சில மாற்றிகள் எல்லாவற்றையும் சிறகாக்கி ‘வௌ்ளிக்கிழமை’, ‘தௌிவு’ என்று தரும். சில எல்லாவற்றையும் ‘ள’ ஆக்கி ‘கெளரி’ என்று தரும். ‘கெளரி’ கண்ணுக்குச் சரியாகவே தெரியும், ஆனால் கோப்பில் ‘கௌரி’ என்று தேடினால் அகப்படாது. ‘வௌியீடு’ என்று தமிழ்ச் செய்தித் தளங்களில் பார்த்திருப்பீர்களே, அது இந்த நோய்தான்.

இதற்கு நோட்பேடில் ‘வௌ’ என்று தேடி ‘வெள’ என்று மாற்றுங்கள். ‘வௌ’ சரியாக வரும் அன்றாடச் சொல் வௌவால் ஒன்றுதான். கோயில் கோபுரத்து வௌவாலைப் பற்றி அப்பா எழுதியிருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் ‘தௌ’வைத் ‘தெள’ ஆக்குங்கள். க, ச, ப, ம நான்கிலும் ‘எல்லாம் மாற்று’ போட வேண்டாம். கௌரி, சௌந்தரி, பௌர்ணமி, மௌனம் போன்றவை கோயில் வரலாற்றில் அடிக்கடி வரும். அங்கே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று ‘ர்’. அந்தக் காலத்தில் பலர் ‘ர்’ அடிப்பதற்குத் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து `h;` என்று அடித்தார்கள். அப்படி அடித்த பௌர்ணமி `ngsh;zkp`. அது ‘பெளா்ணமி’ என்று இரண்டு பிழையோடு வந்து நிற்கும். நல்ல மாற்றிகள் இதைத் தாங்களே திருத்தும். இல்லாவிட்டால் ‘ா்’ என்று தேடி ‘ர்’ ஆக்குங்கள், ‘ாி’ என்பதை ‘ரி’ ஆக்குங்கள். துணைக்காலுக்கு மேல் புள்ளியோ மேல்விலங்கோ தமிழில் எங்கும் வராது, ஆகவே இங்கே மட்டும் தயங்காமல் ‘எல்லாம் மாற்று’ போடலாம்.

நன்கொடையாளர் பட்டியல் இருந்தால் அதைக் கையால் சரிபாருங்கள். அப்பா ஆங்கிலத்தில் `Toronto` என்று அடித்திருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்து ‘வுழசழவெழ’ ஆக்கிவிடும். `Email` என்பது ‘நுஅயடை’ ஆகும். எண்கள் பத்திரமாக இருக்கும்.

கடைசியாக ஸ்லைடு. பழைய பாமினிப் பெட்டியின் மேலேயே `Keep Text Only` கொடுத்து ஒட்டினால், தமிழ் சரியாக வரும், ஆனால் காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் ‘இ’ என்று நிற்கும். பவர்பாயின்ட் தமிழுக்கு ஓர் எழுத்துருவும், ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் வேறோர் எழுத்துருவும் வைத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது இன்னும் பாமினியாகவே இருக்கிறது, பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. `Home > Replace > Replace Fonts` போய் `Bamini` என்பதை `Nirmala UI` ஆக்கினால் தீரும். `Nirmala UI` விண்டோஸ் 8 முதல் கூடவே வருவதால் மண்டபத்துக் கணினியிலும் இருக்கும். ஆனாலும் முதல் நாளே அங்கே போய் ஒரு தரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

அப்பாவின் வேர்ட் கோப்பையும் பாமினி எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். ஒரு பெயர் கௌரியா, வேறேதுமா என்று சந்தேகம் வந்தால் அவர் அடித்ததைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.