நீலகிரித் தைலத்தை உள்ளுக்குக் கொடுக்கலாமா?

"மழை ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சளி. ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தை வெந்நீரில் அரை ஸ்பூன் விட்டு என்னைக் குடிக்கச் சொல்கிறார் மாமியார். நாலு வயசுப் பொண்ணுக்குத் தேனில் ரெண்டு சொட்டு. டீ ட்ரீ ஆயிலும் குடிக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?"
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

வேண்டாம். இரண்டு எண்ணெயுமே குடிப்பதற்கு உரியவை அல்ல. உங்களுக்கும் சரி, மகளுக்கும் சரி.

நீலகிரித் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள்தான். மணம் தருவதும் அதுதான், நஞ்சாவதும் அதுதான். குடித்தால் ரத்தத்தில் வேகமாகக் கலந்து மூளையை மந்தமாக்கும். வெந்நீரில் விட்டால் நீர்த்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். முதல் மடக்கிலேயே அது அப்படியே தொண்டைக்குப் போய்விடும்.

அரை ஸ்பூன் என்பது 2.5 மில்லி. சிறு குழந்தைகளுக்கு 2, 3 மில்லியே தொந்தரவு தரலாம், 5 மில்லி ஆபத்தான அளவு. பெரியவர்களே 5 மில்லி அளவில் இறந்த பதிவுகள் உண்டு. அதைவிட அதிகம் குடித்துப் பிழைத்தவர்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டு சொட்டில் உயிர் போய்விடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் பதற வேண்டாம். எனக்குப் பயம் அந்தப் பாட்டில்தான். சொட்டு மூடி இல்லாத பாட்டிலைச் சாய்த்தால், இரண்டு சொட்டு எப்போது அரை ஸ்பூன் ஆனது என்று தெரியாது. அப்புறம், தைலம் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து என்று உங்கள் மகள் மனதில் பதிந்துவிட்டால், ஒருநாள் அவளே எடுத்துக் குடிக்கலாம்.

அப்படி அவள் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாய் எரியும், இருமுவாள், வாந்தி வரலாம், மூச்சில் தைல வாடை அடிக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் வரலாம். வலிப்பும் வரக்கூடும். 'அசதியில் தூங்குகிறாள்' என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும்போது அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ரசாயன நிமோனியா வரும், அது வயிற்றில் இருப்பதைவிட மோசம். பாலும் வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மருக்குத்தான் போக வேண்டும் என்று நேரத்தைக் கழிக்காமல், முதலில் கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் வலிப்பையும் கவனித்துச் சில மணி நேரம் கண்காணிப்பதுதான் சிகிச்சை.

டீ ட்ரீ ஆயில் கதையும் இதேதான். 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த குழந்தைகளுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வந்திருக்கின்றன. அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

சரி, சளிக்கு என்ன செய்வது? உங்களுக்கு என்றால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தால் போதும். மார்பில் தேய்க்க, இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் நாலைந்து சொட்டு. வலிப்பு நோய் உள்ளவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும். இந்தத் தைலத்தை முகர்ந்ததாலும் தேய்த்ததாலும் வலிப்பு வந்தவர்களைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளின் மூக்கருகே எந்தத் தைலமும் கூடாது, மூச்சு அடைபடலாம்.

உங்கள் மகளுக்கு இருமலுக்குத் தூங்கப் போகுமுன் வெறும் தேன் ஒரு டீஸ்பூன் கொடுங்கள் (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது). மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்து போதும். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அது கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு.

டீ ட்ரீ ஆயிலை வீணாக்க வேண்டியதில்லை. முகப்பருவுக்கு ஒரு சொட்டுக்கு 19 சொட்டு தேங்காய் எண்ணெய் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள். திறந்து நாளான எண்ணெய் காற்றுபட்டு மாறி, தோலில் அதிகம் ஒவ்வாமை தரும். நம் கடலோர வெயிலில் ஜன்னல் விளிம்பில் வைக்காமல், மூடியை இறுக்கிப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். நீலகிரித் தைலமும் அங்கேயே இருக்கட்டும், இருமல் சிரப் பக்கத்தில் வேண்டாம்.