6க்கு 9 பைக்கு நாலு லிட்டர் மண்ணா?

கேள்வி: ஐயா, தெலுக் இந்தான் பக்கம் எங்கள் நிலத்துக்கும் உறவுக்காரர்கள் நிலத்துக்கும் சேர்த்து 8,000 செம்பனை நாற்று வளர்க்கப் போகிறோம். லைசென்ஸ் எடுத்தாச்சு. முளைவிட்ட விதை அடுத்த மாதம் வருகிறது. 6க்கு 9 அங்குலப் பை வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பைக்கு நாலு லிட்டர், மொத்தம் 32 கன மீட்டர் கறுப்பு மண் வேண்டும் என்கிறார் மண் விற்பவர். அவ்வளவு பணம் கையில் இல்லை. பையில் குறைவாகப் போட்டால் கன்று கெட்டுவிடுமா?

பதில்: தம்பி, பையை நன்றாகவே நிரப்புங்கள். தப்பு அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. 6 அங்குலம் என்பது பையைத் தட்டையாகப் போட்டு அளந்த அகலம். அவர் அதையே வாய்க் குறுக்களவாக வைத்துப் பெருக்கியிருக்கிறார். மண் ஏறிப் பை உருண்டையானதும், 15 சென்டிமீட்டர் அகலம் இரண்டு பக்கமும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் சுற்றளவாகும். அதை 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு ஒன்பதரைதான். உயரம் 23 இருந்தாலும் அடி மடிப்பையும், மேலே தண்ணீருக்கு விடும் இடத்தையும் கழித்தால் சுமார் 18 தேறும். ஆக ஒரு பைக்குள் 1.3 லிட்டர் மண் போகும்.

அது படிந்த மண்ணின் அளவு. அள்ளிப் போடும்போது மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் ஊற்ற ஊற்ற ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். அதனால் பைக்கு 1.6 லிட்டர் என்று வையுங்கள். 8,000 பைக்குக் கிட்டத்தட்ட 13 கன மீட்டர். சலிக்கும்போது கல், வேர், கட்டி போகும், ஆகவே 15 வாங்கினால் போதும். என்னை நம்ப வேண்டாம். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் சலித்த மண்ணை எடுத்து எத்தனை பை நிரம்புகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வரவேண்டும். மண்ணை 'இத்தனை லோரி' என்று பேசி வாங்காதீர்கள். லோரித் தொட்டியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரத்தை டேப் வைத்து அளந்து பணம் கொடுங்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு மண். இதில் நான் பிடிவாதக்காரன். கறுப்பாக இருந்தால் சத்து என்று நம் ஆட்களிடம் சொல்லியே விற்கிறார்கள். உங்கள் பக்கம் கறுப்பு மண் என்று வருவதில் நிறைய, சதுப்பு நிலத்துக் கரிமண். ஒருமுறை நானும் அப்படி வாங்கி ஏமாந்தேன். இரண்டு நாள் தண்ணீர் தவறியது, மண் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. மறுநாள் ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே அடித்துளையில் ஓடிவிட்டது. பையைக் கிழித்துப் பார்த்தால் நடுவில் வேர் இருக்கும் இடம் தூசியாய்க் காய்ந்திருந்தது. கரிமண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சுலபத்தில் ஏற்காது.

உங்கள் தோட்டத்திலேயே, நோய் கண்ட மரங்கள் இல்லாத இடத்தில், மேல் அரை அடி மண்ணை வெட்டிச் சலித்துக் குவித்து மூடி வையுங்கள். ஈர மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். ரிப்பன் மாதிரி நீளமாக வழிந்தால் களி அதிகம், மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு ஆற்று மணல் சேருங்கள். மணல் மண்ணின் இடுக்கில் போய் உட்காரும், ஆகவே நாலு வாளி கலந்தால் நாலு வாளி கிடைக்காது. வாளிச் சோதனையைக் கலந்த பிறகுதான் செய்ய வேண்டும். விதை வருவதற்கு ஒரு வாரம் முன்பே பையை நிரப்பித் தண்ணீர் விடுங்கள். இறங்கிய இடத்தில் மறுபடி மண் போட்டுவிட்டு விதையை ஊன்றுங்கள். இல்லையென்றால் விதை குழிக்குள் இறங்கி, அதன்மேல் தண்ணீர் தேங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. மூன்று மாதம் கழித்து இந்தக் கன்றுகள் பெரிய பைக்கு மாறியாக வேண்டும். நலிந்ததைக் கழித்து 7,000 கன்று தேறுகிறது என்று வையுங்கள். 15க்கு 18 அங்குலப் பையின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். 35 சென்டிமீட்டர் மண் நின்றால் பைக்கு 16 லிட்டர், அள்ளிப் போடும் கணக்கில் 20 லிட்டர். மொத்தம் 140 கன மீட்டர், சலிக்கும் கழிவு தனி. இப்போது வாங்கும் மண்ணைப்போல் ஒன்பது மடங்கு. அவ்வளவையும் விலைக்கு வாங்க முடியாது. எந்த மூலையில் மேல்மண் வெட்டலாம், அதை எங்கே குவிக்கலாம் என்று இந்த வாரமே நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் இப்போதே விதையின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிடுங்கள்.